தொண்டை வலியும் ஒரு பஞ்சுக் குச்சியும்

ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குத் தொண்டை வலி. கல்லூரியில் படிக்கும் அண்ணனுக்கு வயது 19, நாலாம் வகுப்பு படிக்கும் தங்கைக்கு வயது 9. "பெரியவன்கிட்ட இருந்து சின்னதுக்கு ஒட்டிக்கிச்சு" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா மெடிக்கல் ஷாப்புக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், கடைக்காரர் தயங்காமல் அசித்ரோமைசின் அட்டை இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு மூன்று மாத்திரை, மூன்று நாள், முடிந்தது கதை!

தமிழ்நாட்டில் தொண்டை வலிக்கு நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் இதுதான். இதில் தவறு மருந்து கொடுத்ததில் மட்டும் இல்லை. இரண்டு பேருக்கும் வந்திருப்பது ஒரே நோய்தானா என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் பெரிய தவறு. பார்ப்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. கொஞ்சம் விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும்.

முதலில் அண்ணன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தொண்டையில் கரகரப்பு. திங்கட்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பித்தது, குரல் கம்மியது, செவ்வாய்க்கிழமை இருமல் சேர்ந்துகொண்டது. உடம்பு லேசாகச் சுட்டது, 100 டிகிரிக்கு மேல் போகவில்லை. தொண்டை சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

தங்கையின் கதை வேறு. செவ்வாய்க்கிழமை மதியம் வரை பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடியவள், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே எச்சில் விழுங்க முடியவில்லை என்று அழுதாள். இரவில் 102 டிகிரி காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, ஒரு முறை வாந்தியும் எடுத்தாள். ஆனால் மூக்கு ஒழுகவில்லை, இருமல் துளியும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் இரண்டும் வீங்கி, அவற்றின் மேல் வெள்ளைத் திட்டுகள். தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டியிருந்தது, தொட்டாலே வலித்தது.

வைரஸால் வரும் தொண்டை வலி தனியாக வருவது குறைவு. சளி, இருமல், குரல் கம்முதல், கண் சிவத்தல், வாய்ப்புண் என்று ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் வரும், மெதுவாகத்தான் ஏறும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் வலி (டாக்டர்கள் சுருக்கமாக ஸ்ட்ரெப் என்பார்கள்) திடீரென்று தாக்கும், தொண்டையிலேயே நிற்கும். குழந்தைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வரலாம், சிலருக்கு உடம்பில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான சிவப்புத் தடிப்பும் வரும். ஆக, "இருமல் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்விக்கு இருக்கும் மதிப்பு, தொண்டை எவ்வளவு சிவந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு இல்லை. சிவப்பு இரண்டிலும் உண்டு.

இந்த அடையாளங்களை ஒரு கணக்காக மாற்றியவர் ராபர்ட் சென்டார் என்ற அமெரிக்க மருத்துவர். 1981ல் வர்ஜீனியாவில் தொண்டை வலியோடு வந்த பெரியவர்களைப் பரிசோதித்து, அவரும் உடன் இருந்தவர்களும் நாலு விஷயங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். காய்ச்சல், இருமல் இல்லாமை, டான்சிலில் வெள்ளை, கழுத்தின் முன்பக்கம் வலியோடு நெறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பிறகு 1998ல் கனடாவின் வாரன் மெக்ஐசக் இதில் வயதையும் சேர்த்தார். 3 முதல் 14 வயது வரை ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும், 45 வயதும் அதற்கு மேலும் என்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஸ்ட்ரெப் முக்கியமாகப் பள்ளிக்கூட வயதின் நோய் என்பதால்தான் இந்தக் கூட்டலும் கழித்தலும்.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். இந்தக் கணக்கில் காய்ச்சல் என்றால் 100.4 டிகிரிக்கு மேல். அண்ணனுக்கு அது இல்லை, இருமல் இருக்கிறது, வெள்ளை இல்லை, நெறி இல்லை. மொத்தம் பூஜ்யம். அவனைப் போல நூறு பேரைப் பரிசோதித்தால் இரண்டு மூன்று பேருக்குத்தான் ஸ்ட்ரெப் இருக்கும். தங்கைக்கு நாலும் இருக்கிறது, வயதுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. முழு மதிப்பெண்!

சரி, முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள், ஸ்ட்ரெப்தான் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. எல்லா அடையாளமும் இருப்பவர்களில்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அந்தக் கிருமி இருக்கிறது. மீதிப் பாதி வைரஸ்தான். அடினோவைரஸும் டான்சிலில் வெள்ளை வைக்கும். இளைஞர்களுக்கு வரும் எப்ஸ்டைன்-பார் வைரஸும் அப்படியே ஸ்ட்ரெப் போல வேஷம் போடும். அதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்து இன்னொரு குழப்பம் ஆரம்பிக்கும். அடையாளங்களை வைத்து "இது ஸ்ட்ரெப் இல்லை" என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். "இது ஸ்ட்ரெப்தான்" என்று சொல்ல முடியாது. அனுபவம் உள்ள டாக்டராலும் முடியாது. ஸ்வாப் என்ற பஞ்சுக் குச்சிக்கு வேலை வருவது இங்கேதான்.

ஒரு பரிசோதனைக்குப் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதன் விடையால் செய்யப்போவது மாறுமா? தங்கைக்கு மாறும். கிருமி இருந்தால் பத்து நாள் மருந்து, இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம். அண்ணனுக்கு மாறாது. அதைவிட மோசம், அவனைப் போன்றவர்களுக்கு எடுக்கும் ஸ்வாப் பொய் சொல்லவும் கூடும். பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் போல, எந்த நோயும் இல்லாமல் இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு திரிகிறார்கள். சளியும் இருமலுமாக வந்த குழந்தைக்கெல்லாம் ஸ்வாப் எடுத்தால், அந்தக் கிருமி முளைத்து வரும், வைரஸ் சளிக்கு பாக்டீரியா மருந்து எழுதப்படும். "எதற்கும் ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம்" என்பது கேட்பதற்குப் பொறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த விஷயத்தில் அது பொறுப்பு இல்லை.

பொதுவாக மூன்றோ அதற்கு மேலோ மதிப்பெண் இருந்தால் ஸ்வாப் எடுக்கலாம், இரண்டு என்றால் டாக்டரின் யோசனைக்கு விடலாம், ஒன்றும் பூஜ்யமும் என்றால் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே, வீட்டில் வேறு யாருக்காவது ஸ்ட்ரெப் உறுதியாகி இருந்தால் தவிர, பெரும்பாலும் அவசியம் இல்லை.

எடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. குச்சி இரண்டு டான்சிலையும், தொண்டையின் பின் சுவரையும் நன்றாக உரச வேண்டும், நாக்கிலும் கன்னத்திலும் படக் கூடாது. குழந்தை குமட்டும், கையைத் தட்டிவிடும். பாவம் என்று கன்னத்தின் உள்பக்கம் தொட்டுவிட்டு எடுத்தால், கிருமி இருந்தும் "இல்லை" என்றுதான் வரும். லேபில் அதை ரத்தம் கலந்த தட்டில் தேய்த்து ஒரு நாள் கதகதப்பில் வைப்பார்கள். ஸ்ட்ரெப் வளர்ந்தால் தன்னைச் சுற்றியுள்ள ரத்த அணுக்களைச் சிதைத்து, தட்டில் தெளிந்த வளையம் போட்டுக்கொள்ளும். ஒரு நாளில் தெரியாவிட்டால் இரண்டாம் நாளும் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் சொல்லும் ரேபிட் கிட்டும் உண்டு. அது "இருக்கிறது" என்றால் நம்பலாம். குழந்தைக்கு "இல்லை" என்றால் கல்ச்சரும் பார்த்துவிடுவது நல்லது.

முக்கியமான இன்னொன்று. ஆன்டிபயாடிக் ஒரு வேளை போட்டுவிட்டுக்கூட ஸ்வாப் கொடுத்தால் கிருமி வளராமல் போகலாம். அப்பா வாங்கி வந்த மாத்திரையை அன்றிரவே அவள் விழுங்கியிருந்தால், அடுத்த நாள் ஸ்வாப்புக்கு அர்த்தமே இருந்திருக்காது. நல்ல வேளையாக அம்மா தடுத்துவிட்டார்.

சில இடங்களில் ஸ்வாப்புக்குப் பதில் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்பொருளை அளப்பது. அந்த அளவு ஏற ஒரு வாரமாவது ஆகும், உச்சிக்குப் போக மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். நேற்று வந்த தொண்டை வலிக்கு இன்று ஏ.எஸ்.ஓ. பார்ப்பது, இந்த மாதச் செலவைத் தெரிந்துகொள்ள முந்தைய மாத பாங்க் ஸ்டேட்மென்டைப் புரட்டுவது மாதிரி.

இவ்வளவும் எதற்கு, தொண்டை வலி தானாகவே ஒரு வாரத்தில் போய்விடுமே என்று கேட்கலாம். போய்விடும். ஸ்ட்ரெப்கூட மருந்து இல்லாமலே அடங்கிவிடும், மருந்தால் வலி ஒரு நாள் போல முன்னால் குறைகிறது, அவ்வளவுதான். பயம் அதற்குப் பிறகு வருவது. சிகிச்சை பெறாத சிலருக்கு, முக்கியமாக 5 முதல் 15 வயதுக்குள், இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டு வீங்கும், அது ஆறிவிடும், ஆனால் இதயத்தின் வால்வுகளில் விழுந்த வடு ஆறாது. பணக்கார நாடுகளில் அபூர்வமாகிவிட்ட இந்த நோய் இந்தியாவில் இன்னும் குழந்தைகளின் இதயத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே "தொண்டை வலிதானே" என்று தங்கையை அப்படியே விட்டுவிடுவதும் சரியில்லை.

ஆனால் அவசரப்படவும் வேண்டாம். வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் பென்சிலின் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம் என்பது 1950களில் அமெரிக்க விமானப்படை வீரர்களிடம் செய்த ஆய்வுகளிலேயே தெரிந்தது. கல்ச்சர் முடிவுக்கு இரண்டு நாள் காத்திருப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதுவரை பாராசிட்டமால், உப்புநீர்க் கொப்பளிப்பு, கஞ்சி போதும்.

வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் வழிவது, மூச்சு வாங்குவது, தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொள்வது, சாம்பல் நிறத்தில் ஒட்டிப் பிடித்த படலம் ஆகியவற்றுக்கு இந்த மதிப்பெண் கணக்கெல்லாம் பொருந்தாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தங்கைக்குப் புதன்கிழமை காலை ஸ்வாப் எடுத்தார்கள், வெள்ளிக்கிழமை கிருமி வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர் எழுதியது அமாக்சிசிலின், பத்து நாள். இத்தனை வருடமாகப் பயன்படுத்தியும் பென்சிலின் குடும்பத்து மருந்துக்கு இந்தக் கிருமி பணியாமல் போனதில்லை. அசித்ரோமைசினுக்குப் பணியாத ஸ்ட்ரெப் பல நாடுகளில் இருக்கிறது. அதனால் பென்சிலின் அலர்ஜி இருப்பவர்களுக்கு மட்டும் அது இருந்தால் போதும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டு அவள் விளையாட ஆரம்பித்துவிட்டாள். மருந்தை நிறுத்திவிடலாமா என்று அப்பா கேட்டார். "வலி போனதுக்கு இல்லைங்க, தொண்டையில இருந்து கிருமி மொத்தமா போறதுக்குத்தான் பத்து நாள்" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "இவளுக்கு இருக்குன்னா, பெரியவனுக்கும் ஒரு ஸ்வாப் எடுத்துடலாமா டாக்டர்?" வேண்டாம் என்றார் அவர். அவனுக்கு இருப்பது சளி, வீட்டில் இன்னொருவருக்கு ஸ்ட்ரெப் வந்ததால் அது மாறிவிடாது. இருமல் இல்லாமல் புதிதாகக் காய்ச்சலும் வலியும் வந்தால் கூட்டி வரச் சொன்னார். வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் இருமல்கூட நின்றுவிட்டது. அப்பா வாங்கிய இரண்டு அட்டையும் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. மெடிக்கல் ஷாப்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.