அலமாரியில் பூவாடைக்காரி



பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பாரீசுக்கும் போன நம் பிள்ளைகள், வாடகை ஃபிளாட்டில் சாமிக்கு எங்கே இடம் விடுகிறார்கள்? பெரும்பாலும் கிச்சன் அலமாரியில் ஒரு தட்டுதான். மிக்சிக்குப் பக்கத்தில் முருகர் இருக்கிறார். இருக்கட்டுமே! ஊர் வீட்டுச் சுவரில் இருந்த அத்தனை படத்தையும் அங்கே அடுக்கவா முடியும்?

விளக்கில் மட்டும் கவனம் வேண்டும். வாடகை வீட்டில் வம்பு வருவது மேல்தட்டில் படியும் கரியால்தான். திரி நீண்டிருந்தாலோ, ஃபேன் காற்றில் சுடர் ஆடினாலோ எண்ணெய் முழுதாக எரியாமல் கரியாகும். சுடர் நுனியிலிருந்து கறுப்பு இழை மேலே எழுந்தால் திரியைச் சற்று உள்ளே இழுத்துவிடுங்கள். மேலே மரத்தட்டு இருக்கிற அலமாரி என்றால், ஏற்றும் நேரத்துக்கு விளக்கை வெளியே மேடையில் வைப்பதே நல்லது. பிரான்சில் 2015 முதல் வீட்டுக்கு வீடு புகை அலாரம் கட்டாயம். அங்கே சாம்பிராணியை மறந்துவிடலாம்.

படமும் விளக்கும் சரி, பூவாடைக்காரியை என்ன செய்வது?

கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன வீட்டுப் பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. கல்யாணத்துக்கு முன்னால் கிணற்றடிக்கோ குளக்கரைக்கோ போய், பம்பை முழங்க அவளை அழைத்து, பூச்சுற்றிய கலசத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து, புடவை வைத்துப் படைப்போம். அந்தப் புடவையைப் பெட்டியில் எடுத்து வைக்கிற வீடுகளும் உண்டு.

மூன்றாவது மாடியில் கிணறு ஏது? ராத்திரியில் பம்பை அடித்தால் செக்யூரிட்டி வந்து நிற்பார். அதனால் அழைப்பை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மட்டும் உங்களோடு வரட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் விட்டால் கரையானுக்குத்தான் படையல்.

மஞ்சள் நனைத்த புடவை என்றால் சுக்காகக் காய்ந்த பிறகே மடியுங்கள். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுக்கும், நிழல் போதும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டியில் சுற்றுங்கள். பாத்ரூம் சுவரை ஒட்டிய லாஃப்டில் வைத்தால் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். மூக்கில் புழுக்க வாடை பட்டால் அன்றே பிரித்துக் காயப்போடுங்கள்.

ஊர் வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறதா? பத்திரம் எழுதுமுன் அத்தையோடு உட்கார்ந்து கேளுங்கள். பூவாடைக்காரியான பெண்ணின் பெயர் என்ன, யாருக்கு என்ன உறவு, எந்தத் தண்ணீரிலிருந்து அழைத்தார்கள், படையலில் என்ன வைத்தார்கள்? ஒரு நோட்டில் எழுதி அந்தப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். அண்ணன் தம்பி நாலு ஊரில் இருந்தால், பெட்டி யார் வீட்டில் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். அடுத்த கல்யாணப் பத்திரிகை அச்சானபின் தேடினால் வீட்டில் சண்டைதான் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்