அப்பாவோட 7,480 ரூபாயும் என்னோட 14 கட்டமும்

போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் செஞ்சது ஒரு ஆட்டோ டிரைவர் ஆப். ஒவ்வொரு சவாரிக்கும் எங்க ஏத்தினோம், எங்க இறக்கினோம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வாங்கினோம்னு மொத்தம் 14 கட்டம். ராத்திரி ஆனதும் "இன்றைய லாபம்"னு பச்சைக் கலர்ல ஒரு எண் வரும். ரிவ்யூல நல்ல மார்க் கிடைச்சது. அதை உண்மையில பயன்படுத்த வேண்டிய ஒரே ஆள் எங்கப்பா. பெரம்பூர் பக்கம் ஸ்டாண்ட்ல ஆட்டோ ஓட்டுறார். ரெண்டு நாள் எழுதினார். மூணாவது நாள் போனை என்கிட்டயே குடுத்துட்டு, "சவாரி ஏறி உக்காந்துட்டு போலாம்பாங்க, நான் இதுல தட்டிக்கிட்டா இருப்பேன்?"னு கேட்டார்.

அவர் சொன்னது நியாயம். ஆனா ஆப் தோத்ததுக்கு 14 கட்டம் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பச்சை எண்ணே பொய். ஆட்டோவுக்கு "இன்றைய லாபம்"னு ஒண்ணு கிடையவே கிடையாது, லாபம் பார்க்கிற மிகச் சின்ன அலகு ஒரு வாரம்தான். ஏன்னு சொல்றேன்.

ஆப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு 40 பக்க நோட்டு வாங்கினோம். ஒரு நாளைக்கு நாலே எண். காலையில கிளம்பும்போது பையில இருந்த பணம், ராத்திரி வந்ததும் பையில இருக்கிற பணம், நடுவுல பையை விட்டு வெளியே போனது, ஜிபேயில வந்தது. சவாரி சவாரியா எதுவும் எழுத வேண்டாம். கலெக்‌ஷன் தானா வந்துடும்.

ஒரு திங்கள்கிழமையை எடுத்துக்குங்க. காலையில சில்லறையோட 300 ரூபாய் வச்சுக்கிட்டு கிளம்பினார். ராத்திரி பையில 610. சிஎன்ஜிக்கு 400, டீ டிபனுக்கு 90, ஆக வெளியே போனது 490. ஜிபேயில வந்தது 350. "இன்னைக்கு அறுநூறுதாம்மா"ன்னு சொல்லிக்கிட்டே சட்டையைக் கழட்டினார். 610-ஓட 490-ஐயும் 350-ஐயும் கூட்டி, 300-ஐக் கழிச்சா கலெக்‌ஷன் 1,150. ஸ்ப்ரெட்ஷீட்டுல போடுறதா இருந்தா இவ்வளவுதான்:

```
=C2+D2+E2-B2
```

B காலைப் பணம், C ராத்திரிப் பணம், D வெளியே போனது, E ஜிபே.

இதுல ஒரு இடத்துல வழுக்கும். மதியம் சாப்பிட வரும்போது அம்மா காய்கறிக்கு 200 ரூபாய் வாங்கிக்குவாங்க. அதுவும் பையை விட்டுப் போன பணம்தான், அதனால D-யில சேர்த்தே ஆகணும், இல்லன்னா கலெக்‌ஷன் குறைஞ்சு காட்டும். ஆனா அது ஆட்டோவோட செலவு இல்லை. அதனால வீட்டுக்குக் குடுத்ததை மட்டும் நோட்டுல வட்டம் போட்டு வைப்பார். ஞாயித்துக்கிழமை நான் செலவைக் கூட்டும்போது வட்டம் போட்டதை விட்டுடுவேன். அதே மாதிரி சித்தப்பா ஜிபேயில திருப்பி அனுப்பின கடன் கலெக்‌ஷன்ல சேரக்கூடாது.

சரி, கலெக்‌ஷன் வந்துடுச்சு. செலவைக் கழிச்சு அன்னைக்கே லாபம் சொல்லிடலாமேன்னு தோணும். முதல் தடை கேஸ். திங்கள்கிழமை போட்ட 400 ரூபாய் சிஎன்ஜி செவ்வாய்க்கிழமையும் ஓடும். செவ்வாய்க்கிழமை பங்குக்கே போகலன்னா அன்னைக்கு "லாபம்" எகிறும், புதன்கிழமை விழும். ரெண்டுமே உண்மை இல்லை. அதனால ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் ஃபுல் போட்டு, ஓடோமீட்டரைக் குறிச்சுக்கிறோம். போன சனி ஃபுல்லுக்கும் இந்த சனி ஃபுல்லுக்கும் நடுவுல போட்டது எல்லாம் இந்த வாரம் எரிஞ்ச கேஸ்.

ஆனா சிஎன்ஜியில ஃபுல்ங்கிறது பெட்ரோல் மாதிரி இல்லை. பங்க்ல பிரஷர் குறைவா இருந்தா சிலிண்டர் முழுசா ஏறாமலேயே நின்னுடும். நீளமா க்யூ நிக்கிற நேரத்துல இது சகஜம். அதனால ஒரே பங்க், கூட்டம் இல்லாத நேரம். சரியா ஏறுச்சான்னு மைலேஜே சொல்லிடும். எங்க வண்டி கிலோவுக்கு 35, 36 குடுக்கும். ஒரு வாரம் 31 வந்து, அடுத்த வாரம் 40 வந்தா வண்டியில கோளாறு இல்லை, ஃபுல்தான் முன்னப்பின்ன ஆயிருக்கு. ரெண்டு வாரம் தொடர்ந்து 31 வந்தா மெக்கானிக்கைப் பார்க்கணும். எங்களுக்கு ஒரு தடவை அப்படி வந்தது. பார்த்தா பின் சக்கர பிரேக் விடாம லேசா பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

ரெண்டாவது தடைதான் பெருசு. இன்னும் பணமா வெளியே போகாத செலவு. டயர் இன்னைக்கும் தேயுது, காசு கேட்கிறது ஒரு வருஷம் கழிச்சு. இன்சூரன்ஸும் அப்படித்தான். எஃப்சி புது வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, எட்டு வருஷம் தாண்டினா வருஷா வருஷம். எஃப்சின்னா ஃபீஸ் மட்டும் இல்லை. டிங்கரிங், பெயின்ட், சீட் கவர்னு சேர்த்து அப்பா போன தடவை செலவழிச்சது 12,000. கையில பணம் இல்லை. வண்டி ஒன்பது நாள் ஷெட்ல நின்னுச்சு, அந்த ஒன்பது நாளும் கலெக்‌ஷன் பூஜ்யம். கடைசியில 10,000 ரூபாய் தண்டல் வாங்கினார். கையில வந்தது 8,500, தினம் 100 வீதம் 100 நாள் கட்டினார். பல வருஷமா இதை "திடீர் செலவு"ன்னுதான் எங்க வீட்டுல சொல்லுவோம். தேதி தெரிஞ்ச செலவுல என்ன திடீர் இருக்கு?

இதை ரெண்டா பிரிச்சோம். கிலோமீட்டருக்குத் தேயுறது ஒண்ணு, நாளுக்கு வர்றது ஒண்ணு. எங்க பழைய பில்லை வச்சுப் பார்த்தா, மூணு டயருக்கு 4,500 ரூபாய், 25,000 கி.மீ. ஓடும், கி.மீ.க்கு 18 பைசா. ஆயில் சர்வீஸ் 5,000 கி.மீ.க்கு 600, அது 12 பைசா. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம் 30,000 கி.மீ.க்கு 6,000, அது 20 பைசா. மொத்தம் 50 பைசா. அடுத்து நாள் கணக்கு. இன்சூரன்ஸ் 8,500, எஃப்சியில வருஷத்துப் பங்கு 6,000, பேட்டரி, புகை சர்டிபிகேட் மாதிரி சில்லறை 1,100. ஆக வருஷம் 15,600, வாரத்துக்கு 300.

இப்ப ஒரு முழு வாரம். ஆறு நாள் ஓட்டினார், 640 கி.மீ. கலெக்‌ஷன் திங்கள்ல இருந்து 1,150, 1,040, 1,320, 980, 1,410, 1,580. கூட்டினா 7,480. "பரவால்லயே, ஏழரையாயிரம்"னு அம்மாவுக்கு சந்தோஷம்.

சிஎன்ஜி 18 கிலோ, 1,638 ரூபாய். ஆப்புக்கு தினசரிக் கட்டணம் ஆறு நாளுக்கு 150. டீ டிபன் 540. பஞ்சர், பார்க்கிங் 90. ஆக 2,418 போயிடுச்சு, மிச்சம் 5,062. இந்த 5,062-ஐத்தான் இத்தனை வருஷமா எங்க வீட்டுல சம்பாத்தியம்னு நினைச்சுட்டு இருந்தோம்.

அதுல இருந்து தேய்மானத்துக்கு 640 கி.மீ. × 50 பைசா, 320. நாள் கணக்குக்கு 300. மிச்சம் 4,442. வண்டி டியூ மாசம் 6,500, வாரத்துக்கு 1,500. கடைசியில நிக்கிறது 2,942 ரூபாய். அப்பா ஒரு நாளைக்கு 11 மணி நேரம் வண்டியில இருக்கார். ஆறு நாளைக்கு 66 மணி. மணிக்கு 45 ரூபாய்கூட இல்லை.

எகனாமிக்ஸ் பேப்பர் எழுதினவங்க இங்க என்னைப் பிடிப்பீங்க. டியூவுல அசலும் இருக்கே, அது எப்படி செலவு? கரெக்ட், அசல் வண்டியா மாறுது. ஆனா அந்த வண்டி வருஷா வருஷம் மதிப்புல இறங்குது. அந்த இறக்கத்துக்கு பதிலா டியூவை எழுதுறோம். டியூ, வண்டி மதிப்பு இறக்கம் ரெண்டையும் எழுதினா ஒரே செலவை ரெண்டு தடவை கழிச்ச மாதிரி ஆயிடும். டியூ முடிஞ்சதும் அந்த 1,500 லாபத்துல சேர்ந்துடாது, அடுத்த வண்டிக்கான முன்பணமா ஒதுங்கணும். "டியூ முடிஞ்சா ஜாலி"ன்னு ஸ்டாண்ட்ல சொல்றது பாதிதான் உண்மை.

இந்த நோட்டை எழுத ஆரம்பிச்சதும் எனக்கே ஒரு கருத்து மாறிடுச்சு. "ஏன் ஆட்டோக்காரங்க மீட்டர் போட மாட்டேங்குறாங்க?"ன்னு கேன்டீன்ல நானும் திட்டினவதான். அந்த ஒரு வாரம் மட்டும் சவாரி ஏத்தி ஓட்டின தூரத்தைத் தனியா குறிக்கச் சொன்னேன். 640-ல 425 கி.மீ. மீதி 215 எம்டி. சவாரி தேடி, இறக்கிட்டு ஸ்டாண்டுக்குத் திரும்பி, பிக்கப்புக்குப் போய் ஓடினது. சென்னைக்கு அரசு 2013 ஆகஸ்டுல நிர்ணயிச்ச கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதுக்கு மேல கி.மீ.க்கு 12. கி.மீ. 12-ன்னே 425-ஐப் பெருக்கிப் பாருங்க, 5,100 வருது. குறைந்தபட்சக் கட்டணத்தாலயும் வெயிட்டிங்காலயும் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 7,480-க்கு பதிலா 5,100-ன்னா 2,380 குறைவு. 2,942-ல 2,380 போனா வாரத்துக்கு மிஞ்சுறது 562 ரூபாய்.

இதனால அநியாயமா கேட்கிறது எல்லாம் நியாயம் ஆயிடாது. மழை நாள்ல ரெட்டிப்பு கேட்கிறவரை நானும் திட்டத்தான் போறேன். ஆனா கட்டணம் நியாயமா இல்லையான்னு பேசணும்னா எம்டி கிலோமீட்டரும் டயர்ல போற 18 பைசாவும் மேஜைக்கு வரணும். ரெண்டு பக்கமும் கலெக்‌ஷனை மட்டும் வச்சு சண்டை போட்டா முடிவுக்கு வராது.

அடுத்த பேட்ச்ல யாராவது ஆட்டோ ஆப் எடுத்தா என் வேண்டுகோள் ஒண்ணுதான். ஒரு நாளைக்கு நாலு எண்ணுக்கு மேல கேட்காதீங்க. "இன்றைய லாபம்"னு எதையும் காட்டாதீங்க. சனிக்கிழமை ஃபுல் டேங்க், ஓடோமீட்டர் ரெண்டும் வந்த பிறகு வாரக் கணக்கு காட்டுங்க, அதுல "ஒதுக்க வேண்டியது"ன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

எங்க வீட்டுல அந்த வரி இப்ப ஒரு தனி பேங்க் அக்கவுண்ட். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நோட்டை மூடின உடனே அப்பா அதுக்கு ஜிபே பண்ணிடுவார். நல்ல வாரத்துல 620, மந்தமான வாரத்துல 300-தான் முடியும். முடியாத வாரமும் உண்டு, அதையும் நோட்டுல எழுதுவார். அடுத்த எஃப்சி வர்ற மார்ச்ல. போன வாரம் தண்டல்காரர் ஸ்டாண்ட் பக்கம் வந்து "என்ன, எஃப்சி வருதே, எவ்வளவு வேணும்?"னு கேட்டாராம். "இந்த தடவை நோட்டைப் பார்த்துட்டு சொல்றேன்"னு அனுப்பிட்டார் அப்பா.