லிங்க் வந்தது, வைத்தியம் நடக்கவில்லை

“உங்கள் ஆலோசனை 4:30க்கு உறுதி செய்யப்பட்டது. இணைய இந்த லிங்கைத் தொடவும்.” அதன் கீழே ஒரு நீண்ட இணைய முகவரி. தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் 66 வயது அம்மாவுக்காக மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்று அனுப்பிய செய்தி, ஆங்கிலத்தில், இவ்வளவுதான். சர்க்கரை நோயால் காலில் வந்த புண்ணை 2 மாதம் முன்பு நேரில் காட்டியிருந்தார். ஆறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வீடியோ ஆலோசனை. கட்டணத்தை முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

செய்தி போய்ச் சேர்ந்தது அம்மாவுக்கு அல்ல, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுக்கு. பதிவு செய்தபோது கொடுத்த எண் அவருடையது. அவர் அதை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினார். அம்மா லிங்கைத் தொட்டதும் கேமராவுக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தது. ‘யாரோ என் போனுக்குள் புகுகிறார்கள்’ என்று பயந்து ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டார். அதன்பிறகு திரை கறுப்பாகவே நின்றது. “உள்ளே போயாச்சா?” என்று மகன் மாற்றி மாற்றி போன் அடித்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் மைக் துண்டிக்கப்பட்டது. 4.40க்கு டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். கணினியில் ‘நோயாளி வரவில்லை’ என்று பதிவானது. பணம் திரும்பாது என்றார்கள்.

இதில் அந்த அம்மா செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். ஒருமுறை ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அந்தத் தளத்துக்கு மறுபடி கேட்காமலே போகலாம். ஆண்ட்ராய்டு போனில் குரோம் என்றால், மேலே முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன அடையாளத்தைத் தொட்டு, ‘அனுமதிகள்’ என்பதற்குள் போய், கேமரா, மைக் இரண்டையும் திறந்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் குரோமுக்கே கேமரா அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழகியவருக்கு இது 1 நிமிட வேலை. ஆனால் டாக்டர் காத்திருக்கும் 4.32க்கு எந்த அம்மாவாலும் இதைச் செய்ய முடியாது. முந்தின நாளே சோதித்துப் பார்க்கும் லிங்க் ஒன்று கொடுத்திருந்தால் பிரச்னை அங்கேயே தெரிந்திருக்கும், வீட்டுக்கு வந்து போகிற பள்ளிப் பையனே சரிசெய்து கொடுத்திருப்பான்.

‘4:30’ என்பதும் அரைகுறைத் தகவல்தான். டாக்டர் வரும் நேரமா, நோயாளி லிங்கைத் திறக்க வேண்டிய நேரமா? எத்தனை நிமிடம் முன்பு திறக்கலாம்? திறந்ததும் ‘காத்திருக்கவும்’ என்று வந்தால் அது சரியா, கோளாறா? முந்தின ஆள் தாமதமானால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? ஓ.பி.யில் டோக்கன் வாங்கியவருக்கு வாசலில் ஒரு நர்சம்மா இருப்பார். “இன்னும் மூணு பேர் இருக்காங்க, இருங்க” என்பார். வீடியோவில் அந்த நர்சம்மாவின் வேலையையும் செய்தியேதான் செய்தாக வேண்டும்.

ஏன் இப்படி மொட்டையாக அனுப்புகிறார்கள் என்று மருத்துவமனைகளின் செய்தி வேலையைப் பார்ப்பவர்களிடம் கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். முதலாவது காசு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். ‘டாக்டர்’ என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் 7. நீளம் கூடினால் ஒரு செய்தி மூன்று நான்கு செய்தியின் காசைத் தின்னும். இரண்டாவது, டிராய் விதிப்படி இத்தகைய செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபர் முதல், அதில் வரும் இணைய முகவரிக்கும் முன் ஒப்புதல் வேண்டும். “டெம்ப்ளேட்டை மாத்த முடியாதுங்க” என்ற பதில் இங்கிருந்துதான் வருகிறது.

பாதி உண்மை. தமிழ் வாசகத்தையும் பதிவு செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இந்த 70 எழுத்துக் கணக்கே கிடையாது. நோயாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, செய்திக்கான சில்லறையை மிச்சம் பிடிப்பதில் என்ன நியாயம்?

கேட்பது பெரிதல்ல. ஒன்றுக்குப் பதில் இரண்டு செய்தி. முந்தின நாள் மாலை, நோயாளியின் கையில் இருக்கப்போகும் போனுக்கு, இப்படி ஒன்று:

“நாளை வியாழன் மாலை 4.30 மணிக்கு டாக்டர் உங்களை வீடியோவில் பார்ப்பார். 4.20க்கு லிங்கைத் திறந்து காத்திருங்கள், 5 மணி வரை ஆகலாம். கேமரா, மைக் அனுமதி கேட்டால் ‘சரி’ கொடுங்கள். இன்றே இந்தச் சோதனை லிங்கில் உங்கள் முகம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று பாருங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள், கடைசிச் சர்க்கரை அளவு, பழைய சீட்டு பக்கத்தில் இருக்கட்டும். புண்ணைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். வீடியோ வராவிட்டால் இதே எண்ணில் டாக்டரே கூப்பிடுவார்.”

மறுநாள் 4.15க்கு லிங்க் மட்டும் தனியாக. நேற்றைய செய்தியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாடு அப்போது இருக்காது.

புண் படம் கேட்பதற்குக் காரணம் உண்டு. வீடியோ இணைப்பு மெதுவானால் படம் மங்கும். காலைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டும்போது புண்ணின் ஓரம் சிவந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்பது தெரியாது. அசையாமல் எடுத்த ஒரு படத்தில் தெரியும். அதேசமயம் நாற்றம், காய்ச்சல், பாதம் மரத்துப்போயிருப்பது இவற்றைப் படமும் காட்டாது. ‘காய்ச்சல் இருந்தாலோ, புண் கறுத்தாலோ வீடியோவுக்குக் காத்திருக்காமல் நேரில் வாருங்கள்’ என்ற ஒரு வரியும் செய்தியில் சேர வேண்டும்.

மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் 2020 மார்ச் 25 அன்று வந்தது. அது வீடியோவை மட்டும் சொல்லவில்லை. ஒலி அழைப்பு, எழுத்துச் செய்தி எல்லாவற்றையும் ஆலோசனை வழியாக ஏற்கிறது. நேரில் பார்த்த அதே நோய்க்கு 6 மாதத்துக்குள் பேசினால் அது தொடர் ஆலோசனை. இந்த அம்மா அந்த வரம்புக்குள்தான் இருந்தார். திரை கறுத்த நிமிடமே டாக்டர் போனில் பேசி, புண் படத்தை வாங்கிப் பார்த்து முடித்திருக்கலாம், விதி குறுக்கே நிற்கவில்லை. நோயாளிக்கு அனுப்பும் மின்னணுச் செய்திகளில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மகனுக்கு வந்த செய்தியில் டாக்டர் பெயர்கூட இல்லை. போலி லிங்குகள் பெருத்த காலத்தில், பெயரில்லாத ஒரு லிங்க் கேமரா கேட்டால் ‘வேண்டாம்’ என்று அழுத்தியது புத்திசாலித்தனம் என்றுகூடச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளின் பதிவைக் கவனிப்பவர் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். வீடியோ ஆலோசனை நடத்தும் இடங்கள் தமிழில், டாக்டரின் பெயர், பதிவு எண், மாற்றுத் தொலைபேசி எண்ணோடு செய்தி அனுப்ப வேண்டும் என்று அவர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விடலாம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு: நோயாளிக்கு ஒருமுறையாவது போன் செய்து பார்க்காமல் ‘வரவில்லை’ என்று பதிவு செய்யக்கூடாது. அப்படிப் பதிவானால் கட்டணம் அடுத்த தேதிக்குத் தானாக மாற வேண்டும். அதுவரை, இதே கதி நேர்ந்தவர்கள் கறுத்த திரையை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வந்த செய்தியையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து, முதலில் மருத்துவமனைக்கும் பதில் இல்லையென்றால் இணை இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள்.