ஒரே கோட்டில் முடியாத அளவீடு: மெஹ்ரௌலி இரும்புத்தூணை முன்வைத்து

எழுத்தளவுகள் இமேஜ்ஜே மென்பொருளால் கணக்கிடப்பட்டன என்று முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதிவிட்டால், எழுத்தமைதி ஆய்வு அறிவியலாகிவிட்டது என்ற நம்பிக்கை நம் ஆய்வுச் சூழலில் வேரூன்றிவிட்டது. அளவுகோல் எதைக்கொண்டு, படத்தின் எந்த இடத்தில் நிறுவப்பட்டது என்று நெறியாளரும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை.

செய்முறை எளிது. நீளம் தெரிந்த ஒன்றின்மீது நேர்கோடு வரைந்து, `Analyze > Set Scale` சென்று, `Known distance` கட்டத்தில் அதன் நீளத்தை இட வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதை மென்பொருள் வகுத்துச் சொல்லும். அந்த ஒற்றை எண் படம் முழுவதற்கும் பொருந்தும் என்று அது எடுத்துக்கொள்கிறது. படத்தில் இருப்பது தட்டையான பரப்பாகவும், கேமராவுக்கு நேர் எதிராகவும் இருந்தால்தான் இது உண்மை. தெரிந்த நீளமும் அளக்கப்படும் எழுத்தும் ஒரே தளத்தில் இல்லையென்றால், மூன்று தசம இடங்களோடு வரும் விடை துல்லியமாகத் தோன்றும் பிழை மட்டுமே.

தில்லி மெஹ்ரௌலியில், குதுப் வளாகத்தில் நிற்கும் இரும்புத்தூணை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சந்திரன் என்னும் அரசனின் ஆறு வரிக் கல்வெட்டை 1888இல் ஃப்ளீட் பதிப்பித்தார். எழுத்துப் பரப்பின் அகலம் ஏறத்தாழ 85 செ.மீ., உயரம் 26.7 செ.மீ. என அவர் தந்த அங்குலக் கணக்கிலிருந்து அறிகிறோம். 1997 முதல் தூணைச் சுற்றி வேலி இருப்பதால் அருகே அளவுகோலை வைத்துப் படமெடுக்க இயலாது. ஆகவே நூல்களில் கிடைக்கும் தூணின் விட்டத்தையே ‘தெரிந்த நீளம்’ ஆக்கிக்கொள்ளத் தோன்றும்.

முதல் பிழை அங்கேயே நேர்கிறது. நூல்கள் தரும் 42 செ.மீ. அடிப்பகுதியின் விட்டம், உச்சியில் அது 30.6 செ.மீ. தான். கல்வெட்டோ தரைமட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேலே உள்ளது.

விட்டம் சரியாகவே தெரியும் என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. கணக்கின் எளிமைக்காக விட்டம் 40 செ.மீ., கேமராவிலிருந்து தூணின் அச்சு 2 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். படத்தில் விட்டமாகத் தெரியும் இரு விளிம்புகளும் ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் உள்ளன. நடுவிலுள்ள எழுத்தோ 1.8 மீட்டரில் இருக்கிறது. அருகிலிருப்பது பெரிதாகத் தெரியும். எனவே நடு எழுத்துகள் ஏறத்தாழ 10 விழுக்காடு பெரிதாக அளக்கப்படும். பரப்பளவில் பிழை 20 விழுக்காட்டைத் தாண்டும். கண்டறிய எளிய வழி உண்டு: இதே அளவுகோலால் நடுப்பகுதியில் ஆறு வரிகளின் மொத்த உயரத்தை அளந்தால், 26.7க்கு மாறாக 29.5 செ.மீ. வரும்.

விகிதங்களையே ஒப்பிடுகிறோம், அளவுகோல் பிழைத்தாலும் அகல உயர விகிதம் மாறாது என்று சிலர் வாதிடுவர். தட்டையான கல்லில் அவ்வாதம் செல்லும், உருளையில் செல்லாது. நடுவிலிருந்து 45 பாகை விலகிய எழுத்தின் அகலம், அதே தொலைவிலிருந்து பார்க்கையில், நடுவில் தெரியும் அகலத்தில் 63 விழுக்காடாகச் சுருங்கும்; உயரமோ 97 விழுக்காடாக நிற்கும். சதுரமான எழுத்து ஒடுங்கிய எழுத்தாகிவிடும். எழுத்து ஒடுங்கியிருப்பதைக் காலத்துக்கோ வட்டாரத்துக்கோ சான்றாகக் கொள்பவர், தூணின் வளைவைத்தான் வரலாறாக எழுதுகிறார். மேலும், 85 செ.மீ. என்பது தூணின் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்கு. கல்வெட்டு முழுவதும் ஒரே படத்தில் அடங்கவே அடங்காது.

வேலி இருக்கையில் வேறென்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. விடை, பின்னோக்கி நடப்பது. பத்து மீட்டர் தொலைவிலிருந்து நெடுந்தொலைவு லென்சால் எடுத்தால், விளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாடு 2 விழுக்காடாகக் குறைகிறது. மேல்நோக்கிய சாய்வும் சிறிதாகிறது. ஒவ்வொரு படத்திலும் நடுவிலிருந்து இருபுறமும் 20 பாகைக்குட்பட்ட எழுத்துகளை மட்டும் அளக்கலாம். அதன் ஓரத்தில்கூட அகலம் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் சுருங்கும். அந்தப் பட்டை சுமார் 14 செ.மீ. அகலம் கொண்டது, எனவே தூணைச் சுற்றி வந்து ஆறேழு படங்கள் எடுக்க வேண்டும். மசிப்படி கிடைத்தால் அதுவே மேல். தாளை விரித்த கணத்தில் உருளை தளமாகிவிடுகிறது. அங்கே ஒற்றைக் கோடு போதும்.

தெரிந்த நீளம் எது, அது எந்தத் தளத்தில் இருந்தது, கேமரா எவ்வளவு தொலைவில் நின்றது, வேறொரு தெரிந்த நீளத்தால் விடை சரிபார்க்கப்பட்டதா என்ற நான்கு செய்திகளும் முறையியலில் இல்லாத எழுத்தளவு அட்டவணையைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். மென்பொருளின் பெயர் இவற்றுள் எதற்கும் விடையாகாது.