முதலாளியின் நற்சான்றுக் கடிதம் தண்டனையைக் குறைக்குமா?

உங்க நண்பர் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டுட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். "பாஸ் ஒரு லெட்டர் கொடுத்தா நீதிபதி பார்த்துச் செய்வார்" என்று பலரும் சொல்றாங்க. சிங்கப்பூரில் அந்தக் கடிதம் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு நிறுவனத்தில் 8 ஆண்டாக விநியோக லாரி ஓட்டுகிறார். இது முதல் குற்றம், யாருக்கும் காயமில்லை. சட்டப்படி 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கூடவே குறைந்தது 2 ஆண்டு வாகனம் ஓட்டத் தடை.

உரிமத்தைக் காப்பாற்றுமா?

முதலாளி பெரும்பாலும் இதைத்தான் முதலில் எழுதுவார்: "லைசென்ஸ் போனால் அவர் வேலையும் போயிடும்." ஆனால், அந்த 2 ஆண்டைக் குறைக்கச் 'சிறப்புக் காரணம்' தேவை. அது குற்றம் நடந்த சூழ்நிலையைப் பற்றியதாக இருக்கணும். உயிர் காக்கும் அவசரத்தில் ஓட்ட நேர்ந்தது போன்ற ஒன்று. வேலை இழப்பும் குடும்பக் கஷ்டமும் அதில் சேராது.

நல்லது செய்யப்போய்...

"அவர் ஓட்டவே இல்லை, சும்மா வண்டியில் உட்கார்ந்திருந்தார்" என்று முதலாளி எழுதினால் சிக்கல். குற்றத்தின் அடிப்படையையே மறுக்கும் ஒன்றைத் தண்டனைக் குறைப்புக்கான வாதத்தில் சேர்த்தால், நீதிமன்றம் குற்ற ஒப்புதலை நிராகரிக்க வேண்டிவரும். அப்போ வழக்கு விசாரணைக்குப் போகும்.

அப்போ எது உதவும்?

முதலாளி நேரில் அறிந்த விவரங்கள். எத்தனை ஆண்டாகத் தெரியும், என்ன பொறுப்பு கொடுத்திருந்தார், குற்றச்சாட்டு என்னவென்று தெரிந்துதான் எழுதுகிறாரா என்பவை. நண்பர் பிடிபட்ட மறுநாளே தானே வந்து சொன்னாரா? தடைக்காலத்தில் கிடங்கு வேலை தரத் தயாரா? "நல்ல மனுஷன்" என்பதைவிட, "தடை முடியும்வரை கிடங்கில் வேலை தருகிறேன்" என்பதற்கு அதிக மதிப்பு. அவர் திருந்தி, மீண்டும் நிலைநிற்க வழி இருப்பதை அது காட்டுகிறது.

அப்படியும் கடிதத்தின் பலத்துக்கு எல்லை உண்டு. மூச்சில் மதுவின் அளவு எவ்வளவு, யாருக்காவது ஆபத்து ஏற்பட்டதா என்பவைதான் தண்டனையைப் பெரிதும் தீர்மானிக்கும். கடிதம் அந்த வரம்புக்குள் சற்றே நகர்த்தலாம், அவ்வளவுதான்.

கடிதத்தை நீதிபதிக்கு நேரடியாக அனுப்ப வேண்டாம், வழக்கறிஞரிடம் கொடுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால், நண்பர் தன் எழுத்துபூர்வ வாதத்தோடு இணைத்துத் தரலாம். முதலாளி கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியும் உண்மையா என்று பார்க்கட்டும். அரசுத் தரப்பும் அதைப் படிக்கும்.