டையோடுக்குள் சுவர் எதுவும் கிடையாது

டையோடு ஏன் ஒரு பக்கமாக மட்டும் மின்சாரத்தை விடுகிறது என்று பிளஸ் டூ படித்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. 0.7 வோல்ட் கொடுத்தால் சுவர் உடைந்துவிடும்." பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்குமேல் தாண்ட முடியாது. சுவர் என்றால் இரண்டு பக்கமும்தானே தடுக்க வேண்டும்?

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் அதற்கு 'இயக்கமில்லாப் பகுதி' என்று பெயர். படிக்கிறவர்கள் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். டையோடு முழுவதிலும் மின்புலம் மிக வலுவாக இருக்கும் இடமே அதுதான்!

அது எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒரே சிலிக்கன் படிகம். அதன் ஒரு பாதியில் பாஸ்பரஸ், மறுபாதியில் போரான், இரண்டுமே ஏறக்குறைய 50 லட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில். பாஸ்பரஸ் பக்கம் (என் வகை) சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் நிறைய. போரான் பக்கம் (பி வகை) துளைகள் நிறைய. கூட்டம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுவது இயல்பு. எல்லையருகே இருக்கும் எலக்ட்ரான்கள் அந்தப் பக்கம் போய்த் துளைகளை நிரப்பிவிடுகின்றன.

போனவை போய்விட்டன. ஆனால் அவற்றைக் கொடுத்த பாஸ்பரஸ் அணுக்கள் படிகத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, நகர முடியாது. அவை நேர்மின்னூட்டத்தோடு நிற்கின்றன. எதிர்ப்பக்கம் போரான் அணுக்கள் எதிர்மின்னூட்டத்தோடு. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே எழும் மின்புலம், அடுத்து வரும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளுகிறது. மேலே சொன்ன அளவில் கலந்தால் அந்தப் பகுதியின் அகலம் சுமார் 0.4 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் சுமார் 0.7 வோல்ட் வித்தியாசம்.

பி-யும் என்-னும் சமநிலைக்கு வந்துவிட்டன என்றால் போக்குவரத்து நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பேரேட்டில் பற்றும் வரவும் சமம் என்பதால் அன்றைக்கு வியாபாரமே நடக்கவில்லை என்று எந்தக் கணக்கரும் சொல்லமாட்டார். இங்கேயும் அப்படித்தான். என் பக்கத்திலிருந்து போதுமான வெப்ப ஆற்றல் உள்ள சில எலக்ட்ரான்கள் மேடேறி அந்தப் பக்கம் போகின்றன. பி பக்கத்தில் வெப்பத்தால் பிறக்கும் சொற்ப எலக்ட்ரான்கள், ஓரத்துக்கு வந்ததும் சரிவில் உருண்டு இந்தப் பக்கம் விழுகின்றன. இரண்டும் சமம்.

ஒருவழிப் பாதையின் ரகசியம் முழுக்க இந்த இரண்டு ஓட்டங்களில்தான் இருக்கிறது. பாட்டரியின் நேர்முனையை பி-க்குக் கொடுத்தால் மேடு தணிகிறது. ஏறுகிறவர்களின் எண்ணிக்கை, மேடு 0.06 வோல்ட் குறையும்போதெல்லாம் பத்து மடங்காகும் (அறை வெப்பநிலையில், லட்சிய டையோடுக்கு). உருண்டு விழுகிறவை மட்டும் ஒரு பிக்கோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.6 வோல்ட் கொடுத்தால் பத்துப் படி, அதாவது ஆயிரம் கோடி மடங்கு. கிடைப்பது 10 மில்லி ஆம்பியர். நடுவில் எதுவும் 'உடையவில்லை'. 0.3 வோல்ட்டிலும் மின்சாரம் ஓடத்தான் செய்கிறது, சாதாரண மீட்டரில் தெரியாத அளவுக்குக் கொஞ்சமாக.

பாட்டரியைத் திருப்பிப் போடுங்கள். மேடு உயர்கிறது, ஏறுவது அடியோடு நின்றுவிடும். மிச்சம் உருண்டு விழுபவைதான். அருவியின் உயரத்தைக் கூட்டினால் தண்ணீர் அதிகமாக விழுமா? மேலே எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் விழும். 5 வோல்ட்டுக்கு இயக்கமில்லாப் பகுதி கிட்டத்தட்ட 2.8 மடங்கு அகலமாகும், ஆனால் மின்னோட்டம் பெரிதாக மாறாது. (நிஜ சிலிக்கனில் அந்தப் பகுதிக்குள்ளேயே சில எலக்ட்ரான்-துளை ஜோடிகள் பிறப்பதால் கொஞ்சம் கூடும்.) டையோடைச் சூடாக்கினால்தான் கசிவு நன்றாக ஏறும், ஏனென்றால் அப்போது 'மேலே வரும் தண்ணீரே' அதிகம். இதற்கும் ஒரு எல்லை உண்டு. 1N4001 டையோடுக்கு 50 வோல்ட், 1N4007-க்கு 1000 வோல்ட் என்று குறித்திருப்பது அதற்காகத்தான். மின்புலம் அளவு மீறினால் எலக்ட்ரான்கள் மோதி மோதிப் புது ஜோடிகளை உண்டாக்கி, பின்னோக்கியும் வெள்ளமாகப் பாயும்.

கெட்டிக்கார மாணவர்கள் ஒன்று கேட்பார்கள். உள்ளே 0.7 வோல்ட் இருக்கிறதென்றால் மீட்டரை வைத்தால் ஏன் பூஜ்யம் காட்டுகிறது? இதைப் பல வகுப்புகளில் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். டையோடின் இரண்டு முனையிலும் உலோகக் கம்பி சிலிக்கனைத் தொடும் இடங்களிலும் இதேபோல் மின்னழுத்தங்கள் உருவாகின்றன. சுற்று முழுக்கக் கூட்டினால் எல்லாம் அடிபட்டுப்போகும். கண்ணாடி உறையுள்ள 1N4148-ஐ நல்ல வெயிலில் பிடித்து அளந்தால் மட்டும் மீட்டரில் சிறு மின்னழுத்தம் தெரியும். ஒளியால் பிறக்கும் புது ஜோடிகளை அந்தச் சரிவு இரண்டு பக்கமாகப் பிரித்து அனுப்புகிறது. 1940-இல் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் ஒரு சிலிக்கன் துண்டின்மேல் வெளிச்சம் பட்டபோது பார்த்து வியந்ததும் இதைத்தான். பி-என் சந்தி என்று ஒன்று இருப்பதே அப்படித்தான் தெரியவந்தது.