பென்ஷன் சீட்டில் ஒளிந்திருக்கும் வட்டி

ஓய்வுபெறும் ரயில்வே தொழிலாளியின் கையில் ஒரு கணக்குச் சீட்டைத் தருகிறார்கள். "சரி பார்த்துக் கையெழுத்துப் போடு" என்கிறார்கள். எதைச் சரி பார்ப்பது? சொல்கிறோம். மில்லிலும் வயலிலும் உழைப்பவர்கள் வீட்டிலும் ரயில்வேக்குப் போன அண்ணன் தம்பி உண்டு. அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பழைய பென்ஷன் திட்டத்தில் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 31ல், 60 வயதில் ஓய்வு. சர்வீஸ் 28 வருஷம். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,400 ரூபாய்.

முதலில் சர்வீஸ். "33 வருஷம் இல்லையே" என்று 28 பங்கு மட்டும் போட்டு 25,624 ரூபாய் என்று எழுதியிருந்தால், அது செத்துப்போன விதி. 2006 முதல் 10 வருஷத் தகுதிச் சர்வீஸ் இருந்தாலே சம்பளத்தில் பாதி பென்ஷன். ஆகவே 30,200 ரூபாய் வரவேண்டும். கடைசிச் சம்பளம், கடைசிப் பத்து மாதச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பாதி.

அடுத்தது கம்யூட்டேஷன். பென்ஷனில் 40 சதம் வரை விற்று மொத்தமாகப் பணம் வாங்கலாம். 30,200ல் 40 சதம் 12,080. அடுத்த பிறந்தநாளில் 61 வயது ஆகிறவருக்கு அட்டவணை எண் 8.194. இவற்றைப் பெருக்கி, பன்னிரண்டாலும் பெருக்கினால் 11,87,803 ரூபாய். மாதப் பென்ஷன் 18,120 ஆகக் குறையும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கும். பஞ்சப்படியைக் குறைந்த 18,120க்குப் போட்டுவிடுவார்கள். கூடாது! முழு 30,200க்குத்தான் போடவேண்டும். 2024 ஜனவரியில் பஞ்சப்படி 50 சதம். அதன்படி 15,100 ரூபாய். 9,060 என்று சீட்டில் கண்டால் மாதம் 6,040 பறிபோகிறது என்று அர்த்தம். கைக்கு வரவேண்டியது 33,220.

சீட்டு சரியாகவே இருக்கலாம். ஆனால் விதி நியாயமா? மாதம் 12,080 வீதம் பிடித்தால், கொடுத்த 11,87,803 ரூபாய் எட்டு வருஷம் மூன்று மாதத்தில் திரும்பிவிடுகிறது. பிடித்தமோ 15 வருஷம் நடக்கிறது! மொத்தம் 21,74,400 ரூபாய்.

இந்த 15 வருஷக் கெடு சுப்ரீம் கோர்ட்டின் 1986 தீர்ப்பில் ஏற்கப்பட்டது. அப்போதிருந்த அட்டவணையில் 61 வயதுக்கான எண் 9.81. அந்தக் கணக்கில் இவருக்கு 14,22,058 ரூபாய் கிடைத்திருக்கும். ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் வட்டியை 8 சதமாக்கி எண்ணைக் குறைத்தார்கள். தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகை 2,34,255 ரூபாய் குறைந்தது. பிடிக்கும் வருஷம் மட்டும் ஏன் குறையவில்லை?

கேரள அரசு தன் ஊழியர்களுக்கு 12 வருஷத்தில் முழுப் பென்ஷனைத் திருப்பித் தருகிறது. மத்திய சர்க்காரால் ஏன் முடியாது?

சீட்டை வரிவரியாகப் பாருங்கள். தவறிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதிக் கேளுங்கள். விதியே தவறாக இருக்கும் இடத்தில், சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்!